இலக்கத்தில் ஒரு தொகை, எழுத்தில் வேறொரு தொகை: ஒப்பந்தத்தில் எது செல்லும்?

உப்புவெளியில் ஒரு வீட்டுக்கு மேல்மாடி கட்டும் வேலை என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரரும் கொந்தராத்துக்காரரும் இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். மொத்தத் தொகை இருக்க வேண்டிய இடத்தில் "ரூபா 4,850,000 (நாற்பத்தைந்து இலட்சத்து எண்பதாயிரம் ரூபா மட்டும்)" என்று தட்டச்சாகியிருக்கிறது. இலக்கம் நாற்பத்தெட்டரை இலட்சம் என்கிறது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் எழுத்தோ நாற்பத்தைந்து இலட்சத்து எண்பதாயிரம் என்கிறது. வித்தியாசம் 270,000 ரூபா. பாதி வேலை முடிந்த பிறகு வீட்டுக்காரரின் மருமகன் ஒப்பந்தத்தை வாசித்துப் பார்த்து, "மாமா, எழுத்தில இருக்கிறதுதான் சட்டப்படி செல்லும், கூடக் குடுக்க வேண்டாம்" என்கிறார்.

மருமகன் சொல்வது பாதி சரி. பொது விதி எழுத்தின் பக்கம்தான் நிற்கிறது. ஆனால் அந்த விதி எல்லா ஆவணத்திலும் ஒரே பலத்தோடு வேலை செய்வதில்லை. மேலே உள்ள ஒப்பந்தத்தில், மற்றப் பக்கத்தையும் வாசித்தால், எழுத்து தோற்று இலக்கம் வெல்ல நல்ல இடம் இருக்கிறது. கணக்கு விளங்குவதற்காக நான் கட்டிய உதாரணம்தான் இது. திருகோணமலையில் நடக்கும் வீட்டு வேலை, வள்ளம் விற்பனை, கடை வாடகை என்று எந்த ஒப்பந்தத்துக்கும் இதே வழியில் போகலாம்.

1. முதலில் கையில் இருப்பது என்ன ஆவணம் என்று பாருங்கள்

காசோலை, உண்டியல், வாக்குறுதிச் சீட்டு (நம் பேச்சில் புரோநோட்டு) என்றால் கேள்விக்கே இடமில்லை. இலங்கையின் 1927ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க உண்டியல்கள் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இதை நேராகவே சொல்கிறது: தொகை எழுத்திலும் இலக்கத்திலும் குறிக்கப்பட்டு, இரண்டும் வேறுபட்டால், எழுத்தில் உள்ளதே செலுத்த வேண்டிய தொகை. இங்கிலாந்தின் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி வந்த விதி இது. இந்தியாவில் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டமும் 18ஆம் பிரிவில் இதையே சொல்கிறது.

நடைமுறையில் வங்கி அப்படிச் செய்யாது என்பது வேறு கதை. எழுத்தும் இலக்கமும் ஒத்துப்போகாத காசோலையை வங்கி பெரும்பாலும் அந்தக் காரணத்தைக் குறித்துத் திருப்பி அனுப்பிவிடும். திரும்பி வந்த காசோலையை வைத்துக்கொண்டு "எழுத்துத்தானே செல்லும்" என்று கவுண்டரில் வாதாடிப் பயனில்லை. எழுதிக் கொடுத்தவரிடம் புதிதாக ஒன்று வாங்குவதுதான் வேகமான வழி. சட்டத்தின் விதி பிறகு வழக்கு வந்தால்தான் கைகொடுக்கும்.

சாதாரண ஒப்பந்தத்துக்கு இப்படி நேரடியான சட்டப் பிரிவு கிடையாது. அங்கே "எழுத்தே மேல்" என்பது நீதிமன்றங்கள் ஆவணங்களைப் பொருள் கொள்ளும்போது பின்பற்றி வந்த ஒரு அனுமானம். வேறு வழி இல்லாதபோது அதன் பக்கம் சாய்வார்கள். ஆவணத்தின் மற்றப் பகுதிகள் வேறு விதமாகப் பேசினால் அனுமானம் விலகிக்கொள்ளும். அனுமானத்துக்கும் சட்டப் பிரிவுக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை.

காணி உறுதி என்றால் இன்னொரு வழி இருக்கிறது, அதைத் திருத்தும் இடத்தில் சொல்கிறேன். அரச நிறுவனங்களுக்குப் போடும் கேள்விப்பத்திரம் (டெண்டர்) என்றால் அதன் அறிவுறுத்தல்களிலேயே பொதுவாக விதி எழுதியிருக்கும்: எழுத்தில் உள்ள தொகை மேலோங்கும். பல மாதிரிகளில் இதற்கு ஒரு விலக்கும் சேர்த்திருப்பார்கள்: அந்த எழுத்துத் தொகையே ஒரு கூட்டல் பிழையிலிருந்து வந்திருந்தால் இலக்கத்தைத்தான் எடுப்பார்கள், அதையும் கணக்குத் திருத்தத்துக்கு உட்படுத்தித்தான். அங்கே அலகு விலைக்குத்தான் உண்மையான மரியாதை. 320 சதுர அடிக்கு, அடி 450 ரூபா என்று போட்டுவிட்டு, வரியின் மொத்தத்தை 114,000 என்று எழுதியிருந்தால், அதை 144,000 ஆகத் திருத்தித்தான் ஒப்பிடுவார்கள். அலகு விலையில் தசமப் புள்ளி இடம் மாறியது கண்கூடாகத் தெரிந்தால் மட்டும் வரி மொத்தத்தை எடுப்பார்கள். திருத்தத்தை ஏற்காத கேள்விதாரர் கேள்வியை மட்டுமல்ல, கேள்விப் பிணையையும் இழக்கலாம்.

2. எழுத்துக்கு ஏன் இந்த மரியாதை என்பதை விளங்கிக்கொள்ளுங்கள்

இது வெறும் சரித்திரமல்ல, உங்கள் வாதத்துக்கே தேவைப்படும். கையால் எழுதும் காலத்தில் 1ஐ 7 ஆக்குவதும், முன்னால் ஒரு இலக்கத்தை நுழைப்பதும், பின்னால் ஒரு பூச்சியம் சேர்ப்பதும் மிக எளிது. "இருநூறு" என்பதை "இரண்டாயிரம்" ஆக்க அவ்வளவு எளிதில் முடியாது. எழுதுகிறவரும் இலக்கத்தை ஓட்டத்தில் போட்டுவிடுவார், எழுத்தை யோசித்துத்தான் எழுதுவார். ஆகவே எழுத்தில் பிழை வரும் வாய்ப்புக் குறைவு என்று கொண்டார்கள்.

இங்கிலாந்தில் 1839இல் தீர்ந்த சாண்டர்சன் எதிர் பைப்பர் வழக்கை இந்த விதிக்கு முன்னோடியாகக் காட்டுவார்கள். உண்டியலின் ஓரத்தில் இலக்கத்தில் 245 பவுண். உடலில் எழுத்தில் "இருநூறு பவுண்" மட்டும். முத்திரைகூடப் பெரிய தொகைக்குரியதாகவே இருந்தது. "நாற்பத்தைந்து" என்ற சொல் தவறி விடுபட்டது என்று காட்ட வெளிச் சாட்சியம் கொண்டுவர முயன்றார்கள். நீதிமன்றம் அதை ஏற்காமல் இருநூறுதான் என்றது.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். நகரத்தில் தட்டச்சுக் கடையில் ஒப்பந்தம் தயாராகும்போது யாரும் வெற்றுத் தாளில் தொடங்குவதில்லை. கணினியில் கிடக்கும் பழைய ஒப்பந்தத்தைத் திறந்து, பெயர், விலாசம், தொகை ஆகியவற்றை மாற்றுகிறார்கள். கண்ணில் முதலில் படுவது இலக்கம், அது மாறிவிடும். அடைப்புக்குறிக்குள் கிடக்கும் எழுத்து பழைய ஆளுடையதாகவே நின்றுவிடும். அதாவது விதி எந்தப் பகுதியை நம்புகிறதோ அதில்தான் இன்று பிழை கூடுதலாக விழுகிறது. நீதிமன்றம் விதியைக் கைவிட்டுவிடவில்லை. ஆனால் ஆவணத்துக்குள் வேறு சான்று இருந்தால் அதைக் காது கொடுத்துக் கேட்க இது நியாயமான காரணம்.

3. ஒப்பந்தத்திலேயே விடை இருக்கிறதா?

தொகைப் பந்தியில் தேடாதீர்கள், கடைசிப் பக்கத்தில் "பொது நிபந்தனைகள்" என்ற தலைப்பின் கீழ் பாருங்கள். "எழுத்துக்கும் இலக்கத்துக்கும் முரண்பாடு இருந்தால் எழுத்தில் உள்ளதே செல்லும்" என்றோ, "இணைக்கப்பட்ட மதிப்பீட்டில் உள்ள தொகையே இறுதியானது" என்றோ ஒரு வரி கிடக்கலாம். அப்படி இருந்தால் அதுதான் முதல் விதி. இருதரப்பும் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டதை மீறிப் பொது அனுமானத்துக்குப் போகத் தேவையில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். ஒப்பந்தம் இரண்டு மொழிகளில் இருந்தால் எந்த மொழிப் பிரதி மேலோங்கும் என்று சொல்லியிருக்கிறதா? தமிழ்ப் பிரதியில் மட்டும் முரண்பாடு இருந்து, மேலோங்கும் பிரதியில் இரண்டும் ஒத்துப்போனால், பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

4. உண்மையிலேயே முரண்பாடு இருக்கிறதா என்று எழுதிப் பாருங்கள்

ஒரு வெற்றுத் தாளில் எழுத்தில் உள்ள தொகையை நீங்களே இலக்கமாக எழுதுங்கள். இலக்கத்தை நீங்களே எழுத்தாக எழுதுங்கள். சில சண்டைகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும். 48,50,000 என்று இந்திய முறையில் காற்புள்ளி போட்டிருந்தாலும், 4,850,000 என்று நம் வங்கிகள் எழுதும் முறையில் போட்டிருந்தாலும், 4.85 மில்லியன் என்று சொன்னாலும் தொகை ஒன்றுதான். அதில் முரண்பாடு இல்லை.

ஆனால் இலட்சமும் மில்லியனும் கலக்கும் இடத்தில் உண்மையான விபத்தும் நடக்கிறது. நாம் இலட்சத்தில் பேசுகிறோம், மில்லியன் முறையில் காற்புள்ளி போடுகிறோம். 1,050,000 என்பதை அவசரத்தில் வாசித்து "ஒரு கோடியே ஐந்து இலட்சம்" என்று எழுதிவிட்டால், அது 10,500,000, சரியாகப் பத்து மடங்கு. சரியான எழுத்து "பத்து இலட்சத்து ஐம்பதாயிரம்". ஒரு தொகை மற்றதன் பத்து மடங்காகவோ நூறு மடங்காகவோ இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒரு சின்ன மேல்மாடிக்கு யாரும் கோடிக்கணக்கில் ஒப்பந்தம் பேசமாட்டார்கள் என்பதால் நியாயமான பொருள் எது என்பதும் வெளிப்படை.

பிழையின் வடிவத்தைப் பார்த்தே அது எங்கிருந்து வந்தது என்று ஓரளவு சொல்லலாம். நம் உதாரணத்தில் 4,850,000க்கும் 4,580,000க்கும் இடையில் 8உம் 5உம் இடம் மாறியிருக்கின்றன. வாசித்துத் தட்டச்சுச் செய்தவரின் கண் தடுமாறியது. ஆனால் எந்தப் பக்கம் தடுமாறியது என்று இதிலிருந்து மட்டும் தெரியாது. எழுத்தில் "பன்னிரண்டு இலட்சம்" என்று சம்பந்தமே இல்லாத தொகை இருந்தால் பழைய கோப்பின் எச்சம் என்று சந்தேகிக்கலாம். அப்போது வேறு எச்சங்களையும் தேடுங்கள். வேறொரு ஊரின் விலாசம், பொருந்தாத திகதி, வேறு ஆளின் அடையாள அட்டை இலக்கம் எங்காவது மிஞ்சியிருந்தால் உங்கள் வாதம் பலக்கிறது.

5. ஆவணத்துக்குள்ளேயே சாட்சி தேடுங்கள்

முழு வழிகாட்டியிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். மொத்தத் தொகையோடு கணக்கால் தொடர்புபட்ட எந்த எண்ணும் உங்களுக்குச் சாட்சி. தவணை அட்டவணை, அலகு விலை, முற்பணத்தின் வீதம், தாமதத்துக்கான கழிவு, இணைத்த மதிப்பீடு எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கிப் பாருங்கள்.

உப்புவெளி ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் தவணைகள் இப்படி இருக்கின்றன. கையெழுத்திடும்போது 900,000. தூணும் படிக்கட்டும் முடிந்ததும் 1,200,000. சுவர் எழும்பியதும் 1,250,000. கூரை போட்டதும் 1,000,000. பூச்சும் வர்ணமும் முடிந்து திறப்புக் கொடுக்கும்போது 500,000. கூட்டினால் 4,850,000. ஒரு ரூபாகூட விலகாமல் இலக்கத்தோடு ஒத்துப்போகிறது. முதற் பக்கத்தில் "500 சதுர அடி, சதுர அடிக்கு 9,700 ரூபா" என்ற வரியும் இருக்கிறது. பெருக்கினால் அதுவும் 4,850,000. எழுத்தில் உள்ள தொகை சரியென்றால் அடிக்கு 9,160 வரவேண்டும், அப்படி ஒரு எண் ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை.

இப்போது தராசைப் பாருங்கள். ஒரு பக்கம் அடைப்புக்குறிக்குள் ஒரேயொரு சொற்றொடர். மறுபக்கம் இலக்கமும், ஐந்து தனித்தனித் தவணைகளும், அலகு விலையும். ஒப்பந்தத்தை முழுமையாக வாசித்துத் தரப்பினரின் எண்ணத்தை அறிவதுதான் பொருள் கொள்ளலின் அடிப்படை. எழுத்தே மேல் என்ற அனுமானம் அதற்குத் துணையாக வந்ததே தவிர, அதை வெல்ல வந்ததல்ல. என் அபிப்பிராயத்தில் இந்த ஒப்பந்தத்தில் நாற்பத்தெட்டரை இலட்சம்தான் நிற்கும். மருமகனின் வாதம் முதற் பக்கத்தைத் தாண்டாது.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி என்ன சொல்வார் என்பதையும் யோசித்து வையுங்கள். "தவணைகளும் அதே பிழையான இலக்கத்தை வைத்துப் பிரித்தவைதானே" என்பார். மொத்தத்தை ஐந்தால் வகுத்து, ஒவ்வொன்றும் 970,000 என்று போட்டிருந்தால் அந்த வாதத்தில் சாரம் உண்டு. இங்கே தவணைகள் வேலையின் கட்டத்தைப் பொறுத்து வேறுபடுகின்றன, அலகு விலை தனியாகப் பேசப்பட்டிருக்கிறது. ஆகவே அவை சுயாதீனச் சாட்சிகள்.

இதே ஒப்பந்தத்தைச் சற்று மாற்றிப் பார்ப்போம். அலகு விலை இல்லை. தவணைகள் ரூபாவில் இல்லாமல் 20, 25, 25, 20, 10 வீதம் என்று மட்டும் இருக்கின்றன. இப்போது வீதங்கள் எந்தத் தொகைக்கும் பொருந்தும், ஆவணம் உள்ளே மௌனமாகிவிடுகிறது. இங்கேதான் அனுமானம் உயிர்பெறும். எழுத்தில் உள்ள 4,580,000தான் செல்லும் என்று எதிர்பார்க்க வேண்டும். கொந்தராத்துக்காரர் எவ்வளவு நியாயமாகப் பேசினாலும், ஆவணம் என்ற அளவில் அவர் பின்னடைவில் இருக்கிறார்.

6. வெளியே இருக்கும் சான்றுகளை எதற்குப் பயன்படுத்தலாம்

கையெழுத்துக்கு முன் அனுப்பிய விலைமனு, வாட்ஸ்அப் செய்தி, வங்கிச் சீட்டு, பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் சேகரித்து வையுங்கள். ஆனால் அவற்றின் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 91ஆம், 92ஆம் பிரிவுகள் எழுத்து மூல ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை வாய்ச் சாட்சியத்தால் மாற்றுவதைத் தடுக்கின்றன. 93ஆம் பிரிவு இன்னும் நேராக நம் விடயத்தைத் தொடுகிறது. ஒரு ஆவணத்தின் மொழி பார்த்த மாத்திரத்திலேயே தெளிவற்றதாகவோ குறையுள்ளதாகவோ இருந்தால், அதன் பொருளை நிரப்ப வெளிச் சாட்சியம் கொடுக்க முடியாது. சட்டத்தில் இதற்குத் தரும் உதாரணமே விலைதான்: ஒருவர் தன் குதிரையை இன்ன தொகைக்கு "அல்லது" இன்ன தொகைக்கு விற்பதாக எழுதிக் கொடுத்தால், எந்த விலை பேசப்பட்டது என்று சாட்சியம் கூற இடமில்லை. ஒரே வரியில் இரண்டு தொகை இருக்கும் ஒப்பந்தத்திலும் இதே தடையை எதிர்த்தரப்பு எழுப்பலாம். ஐந்தாம் படியில் ஆவணத்துக்குள்ளேயே தேடச் சொன்னதற்குக் காரணம் இதுதான். உள்ளே இருக்கும் எண்களை வாசிப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அப்படியானால் வாட்ஸ்அப் செய்தி வீணா? இல்லை. 92ஆம் பிரிவின் முதலாவது காப்புவாசகம், மோசடி, தவறு போன்றவற்றை நிரூபிக்க இடம் தருகிறது. "இந்த ஆவணத்துக்கு எது பொருள்" என்று கேட்காமல், "நாங்கள் இருவரும் இணங்கிய தொகை ஒன்று, தட்டச்சில் விழுந்தது வேறு, ஆவணத்தைத் திருத்தித் தாருங்கள்" என்று கேட்கும்போது அந்தச் செய்திகள் உள்ளே வரலாம். கேள்வியை எப்படி அமைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சான்றின் பெறுமதி மாறுகிறது. சட்டத்தரணியிடம் போகும்போது இந்த இரண்டு வழியையும் கேளுங்கள். ஆரம்பத்தில் எழுதும் கடிதமே பிறகு எந்த வழியில் போவது என்பதைத் தீர்மானித்துவிடும்.

நீதிமன்றத்துக்கு வெளியே, பேசித் தீர்க்கும் மேசையில், இந்தத் தடைகள் எதுவும் இல்லை. வீத அடிப்படையிலான ஒப்பந்தத்தில் "20 வீத முற்பணம்" என்று குறித்து 970,000 ரூபாவுக்குப் பற்றுச்சீட்டு இருந்தால், அது 4,850,000இன் ஐந்திலொன்று. 4,580,000 என்றால் 916,000தான் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தவரே அந்தச் சீட்டைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்துவார்.

7. இணக்கம் இருந்தால் சரியான முறையில் திருத்துங்கள்

இரு தரப்பும் உண்மைத் தொகையை ஒப்புக்கொண்டால் வேலை சுலபம், ஆனால் அதைத் தவறான முறையில் செய்து கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. உங்கள் கையில் இருக்கும் பிரதியில் மட்டும் பேனையால் வெட்டி எழுதாதீர்கள். கையெழுத்துக்குப் பிறகு ஒருவர் தனியாக முக்கியமான நிபந்தனையை மாற்றினால், நாளைக்கு முழு ஆவணத்தையுமே செல்லாததாக்க மற்றவருக்கு வாய்ப்புக் கிடைக்கும். நல்ல எண்ணத்தில் செய்தாலும் பார்வைக்கு அது கள்ளத் திருத்தம்தான்.

தனியாக ஒரு திருத்த இணைப்பு எழுதுங்கள். இவ்வளவு போதும்:

"நாம் இருவரும் (திகதி) அன்று செய்துகொண்ட ஒப்பந்தத்தின் 3ஆம் பந்தியில் மொத்தத் தொகை எழுத்தில் 'நாற்பத்தைந்து இலட்சத்து எண்பதாயிரம் ரூபா' என்று தவறுதலாகக் குறிக்கப்பட்டுள்ளது. அது 'நாற்பத்தெட்டு இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபா' என்று வாசிக்கப்பட வேண்டும். இலக்கத்தில் உள்ள 4,850,000 சரியானது. ஏனைய நிபந்தனைகள் மாற்றமின்றித் தொடரும்."

கீழே திகதி, இருவரின் கையெழுத்து, முடிந்தால் முதல் ஒப்பந்தத்தில் இருந்த அதே சாட்சிகள். இரண்டு பிரதி எடுத்து ஒவ்வொருவரும் மூல ஒப்பந்தத்தோடு சேர்த்துக் குத்தி வைக்க வேண்டும்.

காணி விற்பனை, ஈடு போன்றவற்றுக்கு இந்தக் கடதாசி போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நடக்க வேண்டும். அதில் விழுந்த பிழையையும் அதே தரத்தில்தான் திருத்த வேண்டும். நொத்தாரிசிடம் திருத்த உறுதி ஒன்று எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிவிக்க வேண்டும். உறுதி எழுதும் நாளிலேயே பிழையைக் கண்டுபிடித்தால், கையெழுத்துக்கு முன் வெட்டித் திருத்தி, அந்த வெட்டுத் திருத்தத்தை நொத்தாரிசு தன் அத்தாட்சியில் குறிப்பிடுவார். ஆகவே உறுதியை வாசித்துக் காட்டும்போது எல்லைகளில் மட்டும் காதை வைக்காமல் விலையிலும் வையுங்கள். முத்திரைத் தீர்வைக்கும் அந்தத் தொகை முக்கியம்.

8. இணங்காவிட்டால்

முதலில் தகராறின் உண்மையான அளவைக் கணக்கிடுங்கள். நம் உதாரணத்தில் சுவர் வரைக்கும் மூன்று தவணையும் கொடுத்தாயிற்று, மொத்தம் 3,350,000. எழுத்துத் தொகையை எடுத்தாலும் இன்னும் 1,230,000 கொடுக்க வேண்டும். ஆகவே கூரைக்குரிய 1,000,000 பற்றி யாருக்கும் சண்டை இல்லை. கடைசித் தவணை 500,000இலும் 230,000 நிச்சயம். தகராறு அந்தக் கடைசி 270,000இல் மட்டும்தான். கூரையைப் பாதியில் நிறுத்திவிட்டு முகம் பார்க்காமல் இருக்க இதில் காரணமே இல்லை. வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் கூரையில்லாத சுவர் 270,000க்கு மேல் தின்றுவிடும்.

வீட்டுக்காரர் தகராறில்லாத தொகையைத் தவணைப்படி கொடுத்துக்கொண்டே, மீதியைப் பற்றித் தன் நிலைப்பாட்டைக் கடிதத்தில் எழுத வேண்டும். கொந்தராத்துக்காரரும் காசை வாங்கும்போது "மீதிக்கான என் உரிமைக்குப் பங்கமின்றிப் பெற்றுக்கொண்டேன்" என்று பற்றுச்சீட்டில் எழுத வேண்டும். "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுப் பிறகு வழக்குப் பேசுவது கடினம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு படம் அனுப்பினால் கேடில்லை.

அப்புறம் ஒப்பந்தத்தில் நடுத்தீர்ப்பு வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், சிறு தொகைப் பிணக்குகள் நீதிமன்றத்துக்குப் போகுமுன் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். தொகை எல்லை காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், போகும் நாளில் நடைமுறையில் உள்ள எல்லையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே இணக்கம் வராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தருவார்கள், வழக்குத் தாக்கல் செய்ய அது வேண்டும். சபையின் முன் ஐந்தாம் படியில் நீங்கள் போட்ட கணக்கை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: தவணைகளின் கூட்டல், அலகு விலையின் பெருக்கல், கீழே இரண்டு தொகையும். நீண்ட முறைப்பாட்டைவிட அந்தத் தாள் வேகமாகப் பேசும்.

காலத்தையும் கவனியுங்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்து மூல ஒப்பந்தத்தின் மீறலுக்கு வழக்குப் போடப் பொதுவாக ஆறு வருடம், எழுத்தில்லாத பேச்சுக்கு மூன்று வருடம்.

9. அடுத்த ஒப்பந்தத்தில் இதற்கு இடம் வைக்காமலிருக்க

தட்டச்சுக் கடையில் தொகையைச் சொல்லும்போது இலக்கத்தையும் எழுத்தையும் நீங்களே ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். பழைய கோப்பைத் திறந்தால், தொகை வரும் வரியை முழுதாக அழித்துப் புதிதாக அடிக்கச் சொல்லுங்கள். அச்சான தாளை ஒருவர் எழுத்தை மட்டும் சத்தமாக வாசிக்க, மற்றவர் இலக்கத்தைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். தவணைகளை ரூபாவில் எழுதி, அடியில் கூட்டலையும் போடுங்கள். வீதத்தில் மட்டும் எழுதிவிடாதீர்கள், ஏன் என்று மேலே பார்த்தோம். எழுத்தின் முடிவில் "மட்டும்" போட்டு, இலக்கத்துக்கு முன்னால் இடைவெளி விடாமல் "ரூபா" என்பதை ஒட்டி எழுதினால் பிறகு யாரும் நுழைக்க முடியாது. முரண்பாடு வந்தால் எது செல்லும் என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். வீட்டு வேலைக்கு நான் விரும்புவது "தவணைகளின் கூட்டுத்தொகையே செல்லும்" என்ற வரியை. எழுத்து, இலக்கம் இரண்டிலும் பிழை விழுந்தாலும் ஐந்து தவணையிலும் ஒன்றாகப் பிழை விழுவது அரிது.